இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டில் வெறும் 'ஓகே' போதுமா?

கேள்வி: "ஸ்டீல் ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் க்யூசி-யாகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. பழைய ரிப்போர்ட் எல்லாவற்றிலும் வெல்டு ஓகே, போல்ட் ஓகே, டைமென்ஷன் ஓகே என்றுதான் இருக்கிறது. நானும் அப்படியே எழுதலாமா, இல்லை என்னதான் எழுத வேண்டும்?"

நானும் அப்படி எழுதியவன்தான். துவாக்குடிப் பக்கம் ஒரு ஷாப்பில் இருந்தபோது, ஒரு தொழிற்சாலை ஷெட்டுக்குத் தூண்களும் ராஃப்டர்களும் செய்துகொண்டிருந்தோம். சி-14 என்ற 12 மீட்டர் தூணில் நடுப் பிளேட்டான வெப்பையும் ஓரப் பிளேட்டான ஃபிளேஞ்சையும் மூலையில் சேர்க்கும் 6 மிமீ ஃபில்லட் வெல்டு. ஒரு பக்கம் அடித்து முடித்ததும் கேஜ் வைத்துப் பார்த்தேன், 6 சரியாக இருந்தது. வெல்டு ஓரத்தில் பிளேட் அரிக்கப்படும் அண்டர்கட் இல்லை, விரிசல் இல்லை. 'வெல்டு விஷுவல் ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மறுநாள் தூணைப் புரட்டிப் போட்டார்கள். மறுபக்கம் இன்னும் வெல்டு அடிக்கவில்லை. கீழ் முனையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, வெப் பிளேட்டுக்கும் ஃபிளேஞ்சுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. 3 மிமீ தடிமன் ஃபீலர் கேஜ் உள்ளே போகிறது. கேஸ் கட்டிங்கில் வெப்பின் ஓரம் அலையாக வந்திருக்கிறது; அதை நேராக்காமலே டாக் அடித்திருக்கிறார்கள். சுமார் 400 மிமீ நீளத்துக்கு அந்த கேப்.

அப்படியானால் முந்தைய நாள் நான் அளந்த 6 என்ன? வெப் 3 மிமீ மேலே தூக்கி நிற்கிறது. ஃபிளேஞ்சிலிருந்து அளந்த 6-ல் பாதி அந்த கேப்பை அடைக்கவே போய்விட்டது. வெப்பைப் பிடித்திருப்பது மீதி 3 மிமீதான். வெளியே பார்த்தால் அழகான வெல்டு, உள்ளே பாதிப் பலம். அமெரிக்க வெல்டிங் விதித்தொகுப்பான ஏடபிள்யூஎஸ் டி1.1 இதற்கு நேரான விதி வைத்திருக்கிறது: கேப் 2 மிமீ-க்கு மேல் போனால், கேப் எவ்வளவோ அவ்வளவையும் வெல்டின் பக்க அளவான லெக்கில் கூட்ட வேண்டும். ஆக அந்த இடத்தில் தேவைப்பட்டது 9 மிமீ. பிறகு இரண்டு பக்கமும் கூடுதல் ரன் ஓட்டி 9-க்குக் கொண்டுவந்தோம்.

இந்தக் குறையை முடிந்த வெல்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் வெல்டு ரிப்போர்ட்டின் முதல் வரி வெல்டு அடிப்பதற்கு முன்பே, பிளேட்டுகளைப் பொருத்தி வைக்கும் ஃபிட்-அப் நிலையிலேயே எழுதப்பட வேண்டியது. அதன் பிறகு நான் எழுதிய விதம் இது: "சி-14, வெப்-ஃபிளேஞ்ச், கீழ் முனையிலிருந்து 2000 முதல் 2400 வரை ஃபிட்-அப் கேப் 3 மிமீ, லெக் 9 மிமீ கேட்டது, அளந்தது 9 முதல் 9.5." ஆறு மாதம் கழித்து யார் வந்தாலும் டேப்பை நீட்டி அந்த இடத்தில் விரலை வைக்கலாம். ஃபிட்-அப் நிலையில் நீங்கள் பார்க்கவில்லையா? 'ஃபிட்-அப் பார்க்கவில்லை' என்றே எழுதிவிடுங்கள். ஃபோர்மேன் முறைப்பார், முறைக்கட்டும்.

முடிந்த வெல்டில் பார்க்க வேண்டியது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஸ்லாகும் ஸ்பேட்டரும் போன பிறகு, பிரைமர் ஏறுவதற்கு முன்பு பாருங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்த்து அடித்தால் அண்டர்கட் நிழலாகத் தெரியும். 25 மிமீ-க்குக் குறைந்த பிளேட்டில் பொதுவாக 1 மிமீ ஆழம் வரை விடலாம். விரிசல் என்றால் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ரிஜெக்ட்.

அடுத்தது போல்ட். இங்கேதான் 'ஓகே' அதிகம் பொய் சொல்லும். அதே ஷெட்டில் ராஃப்டரும் தூணும் சேரும் இடத்தில் 20 மிமீ எண்ட் பிளேட் இரண்டு, நடுவே எம்20, 8.8 கிரேடு போல்ட். சைட்டில் டார்க் ரெஞ்சை 400 நியூட்டன் மீட்டரில் வைத்து, 'டிக்' சத்தம் கேட்டதும் அடுத்த போல்ட்டுக்குப் போனார்கள். நமக்கு வேண்டியது டார்க் இல்லை, போல்ட்டுக்குள் இருக்கும் இழுவிசை. இரண்டுக்கும் உள்ள கணக்கு:

```
T = K × d × F
```

T முறுக்கும் அளவான டார்க், d போல்ட்டின் விட்டம், F இழுவிசை, K உரசலைப் பொறுத்த எண். எண்ணெய்ப் பசையுள்ள புது நட்டுக்கு K 0.14 என்று வைத்தால், 140 கிலோநியூட்டன் இழுவிசைக்கு 390 நியூட்டன் மீட்டர் போதும். அதே போல்ட் பெட்டி மழையில் நனைந்து நட்டு துருப்பிடித்திருந்தால் K 0.20-க்குப் போய்விடும். அப்போது 400-ல் கிடைப்பது 100 கிலோநியூட்டன்தான். மீதி உரசலிலேயே போய்விடும். டிக் சத்தம் இரண்டுக்கும் ஒன்றுதான். அதனால் நட்டு கையால் சுலபமாகச் சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். சுற்றாவிட்டால் அந்த லாட்டைத் தனியே வைத்துவிடுங்கள்.

நான் நம்புவது நட்டைத் திருப்பும் அளவை வைத்துப் பார்க்கும் முறை. முதலில் எல்லா போல்ட்டையும் சாதாரண ஸ்பேனரில் ஒரு ஆளின் முழு பலத்துக்கு முடுக்கி, பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டனவா என்று பார்க்க வேண்டும். எண்ட் பிளேட் வெல்டு சூட்டில் வளைந்து மூலையில் கேப் விட்டிருந்தால், ஒன்றை முடுக்கும்போது பக்கத்துப் போல்ட் தளரும். திரும்ப ஒரு சுற்று வரவேண்டும். ஒட்டிய பிறகு போல்ட் முனை, நட்டு, பிளேட் மூன்றின் மேலும் ஒரே கோடாக மார்க்கர் போட்டு, அதற்குப் பிறகு திருப்ப வேண்டும். அமெரிக்க ஆர்சிஎஸ்சி போல்ட் விதிப்படி, போல்ட்டின் நீளம் அதன் விட்டத்தைப் போல நான்கு மடங்குக்குள் இருந்தால் மூன்றில் ஒரு சுற்று. எங்கள் போல்ட் 75 மிமீ, நான்கு மடங்கு 80, ஆக 120 டிகிரி. அறுகோண நட்டில் இரண்டு பக்கம்.

சரி, பிறகு போய்ப் பார்க்கும் உங்களுக்கு எப்படித் தெரியும்? கோடு உடைந்திருக்க வேண்டும். நட்டின் கோடு பிளேட் கோட்டிலிருந்து இரண்டு பக்கம் நகர்ந்திருக்க, போல்ட் முனையின் கோடு அசையாமல் இருக்க வேண்டும். போல்ட் முனையும் கூடவே நகர்ந்திருந்தால் தலைப்பக்கம் பிடிக்காமல் சுற்றியிருக்கிறார்கள். மூன்றும் உடையாமல் ஒரே நேர்கோடாக இருந்தால் திருப்பவே இல்லை, அல்லது எல்லாம் முடிந்த பிறகு உங்களுக்காகக் கோடு போட்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு ஜாயின்ட்டில் எட்டில் மூன்று அப்படி இருந்தது. ரிப்போர்ட்டில் ஜாயின்ட் எண், லாட் எண், பார்த்தவை எட்டு, திரும்பாதவை மூன்று, எந்த மூன்று என்று எழுதினேன்.

டைமென்ஷனில் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். அதே சி-14 மதியம் இரண்டு மணிக்கு 5 மிமீ அதிக நீளம் காட்டியது. 9 மீட்டருக்கு மேல் போனால் அமெரிக்க ஸ்டீல் கட்டுமான அமைப்பான ஏஐஎஸ்சி தருவது கூட்டியோ குறைத்தோ 3 மிமீ. வெட்டலாம் என்று ஃபோர்மேன் கட்டிங் டார்ச்சையே எடுத்துவிட்டார். தூண் காலையிலிருந்து வெயிலில் கிடந்தது, கை வைக்க முடியவில்லை. டேப் அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்தது. இரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.012 மிமீ நீளும். 12 மீட்டர், 30 டிகிரி வித்தியாசம் என்று போட்டால் 4.3 மிமீ. மறுநாள் காலை ஆறரைக்கு, டேப்பை அரை மணி நேரம் தூணின் மேலேயே போட்டு வைத்துவிட்டு அளந்தேன்: 12,001. அன்றிலிருந்து நீளத்துக்குப் பக்கத்தில் நேரமும் எழுதுகிறேன்.