ஆனி நீளம், மார்கழி குட்டை

அன்புள்ள ஐயா,
இரவும் பகலும் சமமாகும் மார்ச் 20இலிருந்து செப்டம்பர் 22 வரை எண்ணினால் 186 நாள். அங்கிருந்து அடுத்த மார்ச் வரை 179தான். பூமி முட்டை வடிவப் பாதையில் சுற்றுவதால் இப்படி என்று மகளுக்கு நோட்டில் படம் போட்டுச் சொன்னேன். சரிதானா? ஜனவரியில் சூரியன் கிட்டத்தில் இருந்தும் ஏன் குளிர்கிறது?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உட்கார்ந்து எண்ணிப் பார்த்தீர்களே, அதற்கே ஒரு கும்பிடு. குளிருக்குக் காரணம் பூமியின் அச்சுச் சாய்வு. அதைப் பள்ளிப் புத்தகமே ஒழுங்காகச் சொல்லும், விடுங்கள். குழந்தையிடம் முட்டை என்றீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம்.

பூமியின் பாதையை ஒரு மீட்டர் அகலத்துக்குத் தரையில் வரைந்து பாருங்கள். நீளத்துக்கும் அகலத்துக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. சாக்பீஸ் கோட்டின் தடிமனிலேயே அது காணாமல் போய்விடும். கண்ணுக்கு வட்டம்தான். ஆனால் சூரியனை நடுவில் வைக்கக் கூடாது, எட்டு மில்லிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். சங்கதியெல்லாம் அந்த எட்டு மில்லிமீட்டரில்தான்.

இப்போது மார்ச்சில் பூமி இருக்கும் இடத்தையும் செப்டம்பரில் இருக்கும் இடத்தையும் சூரியன் வழியாக ஒரு கோட்டால் இணையுங்கள். கோடு நடுவில் போகாது. ஜூலைப் பக்கம் பெரிய துண்டாக விழும். அந்தப் பக்கம் பூமி கடக்க வேண்டிய தூரமே அதிகம். போதாததற்கு அங்கே நடையும் மெதுவு. ஜனவரி தொடக்கத்தில் நொடிக்கு 30.3 கிலோமீட்டர் போகும் பூமி, ஜூலை தொடக்கத்தில் 29.3தான் போகிறது. சூரியனுக்குத் தள்ளிப் போனால் வேகம் குறையும் என்ற இந்தக் கணக்கைக் கெப்ளர் 1609இல் வெளியிட்டார். தூரத்தால் கிட்டத்தட்ட நாலு நாள், வேகத்தால் கிட்டத்தட்ட நாலு நாள். மணிக் கணக்கையும் சேர்த்து எண்ணியிருந்தால் உங்களுக்கும் வித்தியாசம் ஏழரை நாள் வந்திருக்கும்.

சின்ன வயதில் தாத்தாவிடம் கேட்டேன், "ஆனிக்கு 32 நாள், மார்கழிக்கு 29. யாரு தாத்தா வச்ச கணக்கு?"

"யாரும் வைக்கலடா. சூரியன் ராசியைத் தாண்டுறதுக்கு எத்தனை நாளோ, அத்தனை நாள்."

பதில் தெரியாமல் மழுப்புகிறார் என்று நினைத்தேன். எனக்குத்தான் புரியவில்லை. ஒவ்வொரு ராசியும் சரியாக 30 பாகை. பூமி மெதுவாக நடக்கும் ஜூலைப் பக்கம் நம் கண்ணுக்குச் சூரியனும் ராசியை மெதுவாகத்தான் தாண்டும். ஆனியில் மிதுனத்தைத் தாண்டச் சூரியனுக்கு 31 நாளும் அரை நாளுக்குச் சற்று மேலும் ஆகிறது. மார்கழியில் தனுசைத் தாண்ட 29 நாளும் ஏழெட்டு மணி நேரமும் போதும். அந்த மிச்ச மணிகளால்தான் ஆனி சில வருஷம் 31, சில வருஷம் 32. மார்கழியும் அப்படியே, 29 அல்லது 30. ஜூலைக்கும் டிசம்பருக்கும் ஒரே மாதிரி 31 கொடுக்கும் இங்கிலீஷ் மாதத்தில் இதெல்லாம் தெரியவே தெரியாது.

வீட்டில் தினசரி காலண்டர் இருக்குமே. ஆனித் தாள்களையும் மார்கழித் தாள்களையும் மகளிடம் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் நோட்டில் போட்ட அந்த முட்டையை அழித்துவிடுங்கள்.