V²/R-இல் எந்த V?

“மின்சாரம் அனுப்பும் லைனில் V²/R படி வோல்டேஜ் கூடினால் கம்பியில் சூடாகப் போகும் இழப்பும் கூடத்தானே வேண்டும்? ஏன் குறைகிறது?”

அந்த V, கம்பியின் இரு முனைகளுக்கு நடுவே விழும் வோல்டேஜ் மட்டும்தான். நீங்கள் லைனின் முழு வோல்டேஜையும் அங்கே போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பலரும் தடுக்கி விழும் இடம் இது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஊருக்கு 10 கிலோவாட் போய்ச் சேர வேண்டும். போக வர கம்பியின் மின்தடை 1 ஓம்.

1. ஊரில் 250 வோல்ட் என்றால் கரண்ட் 40 ஆம்பியர். கம்பியில் விழுவது 40 வோல்ட். I²R = 1600 வாட், அத்தனையும் கம்பிச் சூடு.

2. 2500 வோல்ட் என்றால் 4 ஆம்பியர் போதும். விழுவது 4 வோல்ட், இழப்பு வெறும் 16 வாட்.

இப்போது V²/R-இல் 40, அப்புறம் 4 போடுங்கள். அதே 1600, அதே 16 வரும். கரண்ட் பத்தில் ஒன்றானால் சூடு நூறில் ஒன்று.

இது அனுப்பும் பவர் மாறாதபோதுதான் பொருந்தும். டிரான்ஸ்பார்மர் வைத்து ஏற்றி இறக்குவது அதற்குத்தான். அது இல்லாமல் ஒரு ஹீட்டருக்கு நேராக வோல்டேஜைக் கூட்டினால் கரண்டும் கூடும், கம்பியும் இன்னும் சூடாகும்.