140 மெகாஹெர்ட்ஸில் எஸ்என்ஆர் சரிவது ஏன்?

"14 பிட் ஏடிசி. 10 மெகாஹெர்ட்ஸில் எஸ்என்ஆர் 73 டிபி, 140இல் 61தான். க்ளாக் எஃப்பிஜிஏ பிஎல்எல்லில் இருந்து. சிப் பழுதா?"

சிப்பை மாற்றாதீங்க, க்ளாக்கைத்தான் சந்தேகப்படணும். சிக்னல் வேகமாக ஏறி இறங்கும் இடத்தில் சாம்பிள் எடுக்கும் நொடி துளி தள்ளிப்போனாலும் வோல்டேஜ் தப்பாகப் பதிவாகும், அந்தத் தப்பு இன்புட் அதிர்வெண்ணோடு சேர்ந்தே வளரும்.

```
SNR = -20*log10(2*pi*fin*tj)
```

61இன் நாய்ஸ் பவரிலிருந்து 73இன் பவரைக் கழித்துவிட்டுப் போட்டால் அந்த நொடி தள்ளிப்போகும் அளவு, அதாவது ஜிட்டர் `tj`, சுமார் 1 பிகோசெகண்ட் வருது. அதே ஜிட்டர் 10 மெகாஹெர்ட்ஸில் தரும் வரம்பு 84 டிபி, அதனால்தான் அங்கே கண்ணில் படவில்லை.

உறுதிப்படுத்த, 140இலேயே இன்புட்டை 20 டிபி குறைத்து எஃப்எஃப்டி பாருங்க. மொத்த நாய்ஸ் -61 dBFS-லிருந்து -72 பக்கம் இறங்கினால் ஜிட்டர்தான், ஏனென்றால் தெர்மல் நாய்ஸ் சிக்னலைப் பார்த்துக் குறையாது. ஆனால் சிக்னல் ஜெனரேட்டரின் ஃபேஸ் நாய்ஸும் இதே மாதிரி குறையும், அதனால் அதன் வெளியீட்டில் குறுகிய பேண்ட்பாஸ் ஃபில்டர் கட்டாயம் போடுங்க.

அப்புறம், எஃப்பிஜிஏவைத் தொடாமல் ஒரு நல்ல கிரிஸ்டல் ஆசிலேட்டரை நேராக ஏடிசியின் க்ளாக் பின்னுக்குக் கொடுங்க, எஃப்பிஜிஏவுக்கு வேண்டிய க்ளாக்கை ஏடிசியின் டேட்டா க்ளாக்கிலிருந்து எடுத்துக்கலாம். அதற்கு மேல் ஏடிசியின் சொந்த அபெர்ச்சர் ஜிட்டர்தான் எல்லை, டேட்டாஷீட்டில் இருக்கும்.