அல்வா கிண்டுவதைப் படம் பிடிக்க 30 ஆயிரம் ரூபாய் கேமரா வேண்டுமா?

கேள்வி: அம்மா செய்யும் கோதுமை அல்வாவை முழுசாகப் படம் பிடித்து, வேகமாக ஓடும் சின்ன வீடியோவாகப் போட ஆசை. கிண்டுவதற்கே இரண்டரை மணி நேரம் ஆகும். கடையில் 30 ஆயிரத்துக்கு ஆக்‌ஷன் கேமரா எடுக்கச் சொல்கிறார்கள், கூடவே ரிங் லைட்டும். என்னிடம் 128 ஜிபி போன் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: கேமரா வேண்டாம். ஆக்‌ஷன் கேமரா ஹெல்மெட்டில் மாட்டி வண்டி ஓட்டுவதற்கு நல்ல பொருள், ஆனால் காற்றோட்டம் இல்லாத சமையலறையில், அடுப்புப் பக்கத்தில் நீண்ட நேரம் ஓடவிட்டால் சூடேறி நின்றுவிடக்கூடிய சாதனம் அது. உங்கள் போனே போதும். நல்ல ஸ்டாண்டு ஒன்று வாங்குங்கள், செலவு அவ்வளவுதான்.

போனில் டைம்லாப்ஸ் என்று ஒரு மோடு இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அதில் சத்தம் பதிவாகாது, விட்டு விட்டு எடுத்த படங்கள் மட்டும்தான் கிடைக்கும், அதனால் நெய் பிரியும் அந்த நொடியை நிஜ வேகத்தில் காட்ட வேண்டும் என்று பிறகு ஆசைப்பட்டாலும் முடியாது. கோதுமைப்பால் இரவெல்லாம் தெளிவதற்கு மட்டும் டைம்லாப்ஸ் சரி: எட்டு மணி நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் 240 படம், நொடிக்கு 30 படம் ஓடும் வீடியோவில் அது எட்டு நொடி. இடைவெளியை நாமே வைக்க உங்கள் போன் விடாவிட்டால், அதற்கென்று இலவச ஆப்கள் இருக்கின்றன.

கிண்டுவதைச் சாதாரண வீடியோவாகவே எடுங்கள், 1080p, 30 பிரேம். முழு நேரத்தையும் எடுத்து அறுபது மடங்கு ஓட்டினால் இரண்டரை நிமிட வீடியோ வரும், ஆனால் பார்க்க முடியாது. ஏனென்றால் அந்த வேகத்தில் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு நொடி போயிருக்கும், கரண்டி ஒருமுறை சுற்ற ஒரு நொடி என்றால் அது இங்கே ஒரு தடவை அங்கே ஒரு தடவை என்று குதித்துக்கொண்டிருக்கும், கை தெரியவே தெரியாது. எட்டு மடங்கைத் தாண்டாதீர்கள். மிச்ச நேரத்தை வெட்டித் தள்ளிவிடலாம்.

முதல் இரண்டு மணி நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரே ஒரு நிமிடம் எடுத்தால் பன்னிரண்டு துண்டு கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 40 நொடியை எட்டு மடங்கு ஓட்டினால் ஐந்து நொடி, ஆக மொத்தம் ஒரு நிமிடம். கடைசி அரை மணி நேரம் நிறுத்தவே கூடாது, அல்வா பதத்துக்கு வருவது சொல்லிவிட்டு வராது. அதிலிருந்து இரண்டு நிமிடத்தை எட்டு மடங்கு ஓட்டி 15 நொடியாக்கிவிட்டு, மூன்று இடங்களை மட்டும் நிஜ வேகத்தில், நிஜ சத்தத்தோடு விடுங்கள்: பொன்னிறமாகக் காய்ந்த சீனிப்பாகு கோதுமைப்பாலில் விழுந்து சீறுவது (அது முன்னாலேயே வந்துவிடும், அப்போது போனை ஓடவிட மறக்க வேண்டாம்), ஓரத்தில் நெய் கக்குவது, அம்மா ஒரு துளியை ஆறவிட்டு விரலில் உருட்டி ஒட்டவில்லை என்று காட்டுவது. ஒவ்வொன்றும் ஆறேழு நொடி. தெளிவதையும் சேர்த்தால் ஒன்றே முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வேகமாக ஓடும் இடங்களில் சத்தத்தை அணைத்துவிட்டு, நிஜ வேகம் வருவதற்கு அரை நொடி முன்னாலேயே சீறலைக் கேட்கவிட்டால் பார்ப்பவர் தானாக நிமிர்ந்து உட்காருவார்.

மொத்தமாக எடுப்பது முக்கால் மணி நேரம்தான். நிமிடத்துக்கு 130 எம்பி என்று தாராளமாக வைத்தாலும் ஆறு ஜிபிக்குள் அடங்கும், மெமரி கார்டும் வேண்டாம்.

ரிங் லைட் கண்டிப்பாக வேண்டாம். அல்வா கண்ணாடி மாதிரி பளபளக்கும்போது அதன் மேல் ஒரு வெள்ளை வளையம் அப்படியே தெரியும். ஜன்னல் வெளிச்சமும் இரண்டரை மணி நேரத்தில் மாறிவிடும், அதனால் திரையை இழுத்துவிட்டு டியூப்லைட்டில் எடுங்கள், போனில் ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்துவிடுங்கள். சில போன்களில் நிறுத்தியதும் அந்த லாக் போய்விடும், ஒவ்வொரு துண்டுக்கு முன்னாலும் ஒரு பார்வை.

இனி ஸ்டாண்டு. மேடையில் கவ்விப் பிடிக்கும் வளையும் கம்பி விலை குறைவுதான், ஆனால் அம்மா கிண்டுகிற வேகத்தில் மேடை அதிர்ந்தால் கம்பியும் அதிரும், எட்டு மடங்கு ஓட்டும்போது அந்த நடுக்கம் வீடியோ முழுக்கத் தெரியும். தரையில் நிற்கிற, குறுக்குக் கை உள்ள ஸ்டாண்டாகப் பாருங்கள். சட்டிக்கு நேர் மேலே வைக்க வேண்டாம், ஆவியில் லென்ஸ் மங்கும், போன் தவறினால் கொதிக்கிற நெய்யில்தான் விழும். அம்மாவின் கைக்கு எதிர்ப்பக்கம் சாய்வாக வைத்தால் போதும். ஸ்டாண்டு வந்ததும் அதன் குறுக்குக் கையை முழுசாக நீட்டி, உங்கள் போனை மாட்டி ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள், துளி தொங்கினாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். திருப்பி எடுக்காத கடையில் வாங்க வேண்டாம்.