சாய்ந்த அச்சில் ஸ்பின் அளவீடு: பாதிக் கோணம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: z அச்சில் 'மேல்' நிலையில் உள்ள எலக்ட்ரானை 60° சாய்ந்த அச்சில் அளந்தால் + வர எவ்வளவு வாய்ப்பு? நான் cos²60° = 1/4 என்று போட்டேன், விடை 3/4 என்கிறார்கள். ஏன்?

பதில்: நீங்கள் போட்டது ஒளியின் முனைவாக்கத்துக்கான விதி. ஸ்பின் அரைக்குப் பாதிக் கோணம்தான் வரும்: cos²30° = 3/4.

ஒரு எளிய சோதனை. கருவியை 180° தலைகீழாகத் திருப்பினால் + வரவே கூடாது. cos²180° = 1 என்பதால் உங்கள் சூத்திரம் அங்கேயே விழுந்துவிடும். பாதிக் கோணம் போட்டால் cos²90° = 0 என்று சரியாக வரும்.

இப்போது கணக்கு. அச்சு xz தளத்தில் சாய்ந்திருந்தால் அளவீட்டு அணி (ħ/2 நீங்கலாக) இது:

```
cosθ σz + sinθ σx = | 1/2    √3/2 |
                    | √3/2  -1/2  |
```

ஐகன் மதிப்பு +1-க்கான வெக்டர் (√3/2, 1/2); பெருக்கிப் பாருங்கள், அதுவே திரும்ப வரும். தொடக்க நிலை (1, 0). உட்பெருக்கல் √3/2, அதன் வர்க்கம் 3/4. மீதி 1/4 மைனஸுக்கு. சராசரி (ħ/2)(3/4 − 1/4) = ħ/4. (ħ/2)cos60°-யும் அதேதான், ஆக முழுக்கோணம் சராசரியில்தான் தலைகாட்டுகிறது.

தொடக்க நிலை x அச்சில் 'மேல்', அதாவது (1, 1)/√2 என்றால் கவனம். வீச்சுகளை முதலில் கூட்டி, அப்புறம் வர்க்கம் எடுக்க வேண்டும்: (√3/2 + 1/2)²/2 ≈ 0.933. தனித்தனியாக வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 1/2 வரும், அது தவறு. அச்சுகளுக்கு இடையே 30° தானே? cos²15°-யும் 0.933 தான்.