வெள்ளிக் குடத்தோடு போன அக்கா

கேள்வி: எட்டு வயது மகளுக்குத் தினமும் ராத்திரி கதை சொல்கிறேன். போன வாரம் மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் ஒரு பாட்டிக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டு, "இவங்க தேவதையா இருப்பாங்களாம்மா?" என்கிறாள். நல்லது செய்த பிறகுதான் தேவதை வரவேண்டுமா? நான் லஞ்சம் கற்றுக்கொடுக்கிறேனோ என்று இருக்கிறது.
- ஒரு வாசகி, மும்பை

பதில்: இந்தச் சந்தேகம் கதைக்கே உண்டு. பிரான்ஸில் சார்ல் பெரோ 1697இல் வெளியிட்ட தொகுப்பில் ஒரு கதை. தண்ணீர் எடுக்கப் போன தங்கையிடம் ஓர் ஏழைக் கிழவி தாகம் என்கிறாள். தங்கை குடத்தை அலசி, ஊற்றில் தெளிவான இடமாகப் பார்த்து மொண்டு, கிழவி சிரமமில்லாமல் குடிக்கத் தாங்கியும் பிடிக்கிறாள். கிழவி, வேஷம் போட்டு வந்த தேவதை. அன்றிலிருந்து தங்கை பேசும்போதெல்லாம் வாயிலிருந்து பூவோ ரத்தினமோ உதிர்கிறது.

உடனே அம்மாக்காரி மூத்தவளை அனுப்புகிறாள். கிழவி கேட்டால் மரியாதையாகத் தண்ணீர் கொடு என்று பாடமும் சொல்லித்தான் அனுப்புகிறாள். அக்கா வீட்டிலேயே நல்ல வெள்ளிக் குடத்தோடு போகிறாள். ஆனால் இந்த முறை தேவதை பகட்டாக உடுத்திய சீமாட்டியாக வருகிறாள். இவளுக்குச் சேவகம் செய்யவா வந்தேன் என்று அக்கா எரிந்து விழுகிறாள். அவள் வாயிலிருந்து பாம்பும் தேரையும்!

பரிசு முதலிலேயே வந்திருந்தால் தங்கை வெறும் அதிர்ஷ்டசாலி. தேவதை என்று தெரிந்து கொடுத்திருந்தால் அது வியாபாரம். அதனால்தான் தேவதை முகம் காட்டாமல் வந்து, கொடுத்த பிறகு யாரென்று காட்டிக்கொள்கிறாள். ரஷ்ய ஆய்வாளர் விளாதிமிர் பிராப் 1928இல் எழுதிய நூலில், மாயப்பொருள் தருபவர் முதலில் நாயகனைச் சோதிப்பார், அவன் நடந்துகொள்வதைப் பார்த்த பிறகே பொருள் கைமாறும் என்று இந்த வரிசையைக் காட்டுகிறார். அக்காவுக்கோ சோதனை நடப்பது முன்பே தெரியும், கேள்வித்தாள்தான் மாறிவிட்டது.

அப்புறம், எல்லாத் தேவதையும் சோதிப்பதில்லை. அதே தொகுப்பில் சிண்ட்ரெல்லா அழுத உடனே வந்து நிற்கிறாள் அவளுடைய ஞானத்தாய். பூசணிக்காயை ரதமாக்கும் முன் எந்தப் பரீட்சையும் வைக்கவில்லை. அவள் உறவுக்காரி, பெண்ணை ஏற்கெனவே தெரியும். நமக்கும் தெரியும்: தன்னைக் கேலி செய்த அக்காக்களுக்கு விருந்துக்கு முன்னால் அழகாகத் தலைவாரிவிட்டவள் சிண்ட்ரெல்லாதான். வழியில் எதிர்ப்படும் முன்பின் தெரியாத தேவதைகள்தான் பெரும்பாலும் சோதிக்கிறார்கள்.

சரி, மகளுக்கு என்ன செய்வது? பிஸ்கட்டைத் தடுக்காதீர்கள். இன்று ராத்திரி இந்தக் கதையைச் சொல்லி, அக்கா வெள்ளிக் குடத்தோடு கிளம்பும் இடத்தில் நிறுத்துங்கள். தேவதை இப்போது எந்த வேஷத்தில் வருவாள் என்று கேளுங்கள். மகள் "கிழவி" என்றால், மீதிக் கதையைச் சொல்லுங்கள்.