போயா நாள் வேலைக்கு லீவா, காசா?

"ஐயா, கிளிநொச்சியில ஒரு ஹாட்வெயர் கடையில மூண்டு வருசமா பில் போடுறன். மாசச் சம்பளம் 36,000 ரூபா. ஞாயிறு லீவு, சனி அரைநாள். 2025 மே மாசம் மே தினம், வெசாக் போயா, அதுக்கு அடுத்த நாள் மூண்டுக்கும் கடை திறந்தது, நான் மூண்டு நாளும் வேலை செய்தன். மே 25 ஞாயிறும் சீமெந்து லொறி வந்ததெண்டு காலமை நாலு மணித்தியாலம் கூப்பிட்டவை. 'பிறகு லீவு எடு' எண்டு முதலாளி சொன்னார். வருசம் முடிஞ்சுது, ஒரு லீவும் தரேல்ல. எனக்கு வரவேண்டியது என்ன?"

உங்களுக்கு 3,900 ரூபா வரவேண்டும். ஆனால் அந்த நாலு நாளுக்கும் ஒரே கணக்கு இல்லை. மே தினத்துக்கு ஒரு விதி, போயாவுக்கு இன்னொரு விதி, ஞாயிறுக்கு மூன்றாவது விதி. "பிறகு லீவு எடு" என்ற ஒரே வார்த்தையால் முதலாளி நாலையும் மூடப் பார்த்திருக்கிறார். அந்த வார்த்தை எந்த நாளுக்குச் செல்லும், எந்த நாளுக்குச் செல்லாது என்பதைத்தான் நீங்கள் முதலில் பிடிக்க வேண்டும்.

கடையில் வேலை செய்பவர் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்துக்குள் வருகிறார். சில்லறைக் கடை, மொத்தக் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் அதற்குள் அடங்கும். அந்தச் சட்டத்தின் கீழ் வருடத்தில் எட்டு நாள் சம்பளத்துடன் விடுமுறை தரவேண்டும். தைப்பொங்கல், பெப்ரவரி 4 சுதந்திர தினம், சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள், புத்தாண்டு நாள், மே தினம், வெசாக் போயாவுக்கு அடுத்த நாள், மீலாத் நபி தினம், நத்தார் என்பவையே அந்த எட்டு. உங்கள் மே 1ம் மே 13ம் இதற்குள் வருகின்றன.

இந்த எட்டு நாளில் ஒன்றில் வேலை வாங்கினால் முதலாளிக்கு இரண்டு வழி இருக்கிறது. அதே வருடம் டிசம்பர் 31க்குள் சம்பளத்துடன் வேறொரு நாள் லீவு கொடுக்கலாம். இல்லாவிட்டால் அந்த நாளுக்கு இரட்டைச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆகவே மே மாதத்தில் "பிறகு லீவு எடு" என்று அவர் சொன்னபோது, இந்த இரண்டு நாளையும் பொறுத்தவரை அவர் சொன்னது பிழை அல்ல. சொன்னதைச் செய்யாமல் டிசம்பர் 31ஐக் கடக்க விட்டதுதான் பிழை. அந்தத் தேதி போனபிறகு லீவு என்ற வழி அடைபட்டுவிட்டது, மிச்சம் இருப்பது காசு மட்டுமே. ஜனவரியில் வந்து "சரி, இப்ப ஒரு நாள் நில்" என்று சொன்னால் அதை நீங்கள் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

போயா அப்படி அல்ல. அது 1971ஆம் ஆண்டின் விடுமுறைகள் சட்டத்தில் வருவது. அங்கே பதில் லீவு என்ற வழியே இல்லை. போயா நாளில் வேலை வாங்கினால் அன்றைய சம்பளத்தை ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். மே 12க்குப் பதிலாக அவர் ஜூனில் ஒரு நாள் லீவு தந்திருந்தாலும் அந்தக் கடன் தீர்ந்திருக்காது. வன்னியில் பல கடைக்காரருக்கு இது தெரியாது. போயாவை மே தினம் மாதிரி நினைத்து லீவில் கழித்துவிடுகிறார்கள், வேலை செய்பவரும் லீவு கிடைத்ததே என்று சும்மா இருந்துவிடுகிறார். மாதத்துக்கு ஒரு போயா என்று வைத்தாலே வருடத்தில் பன்னிரண்டு நாள். சின்னத் தொகை என்று விடக்கூடியது அல்ல இது.

இனிக் கணக்குக்கு வருவோம். மாதச் சம்பளத்தை 240 மணித்தியாலத்தால் பிரித்து ஒரு மணித்தியாலச் சம்பளம் எடுப்பதுதான் கடை ஊழியருக்கான முறை. 36,000ஐ 240ஆல் பிரித்தால் 150 ரூபா. எட்டு மணித்தியாலம் கொண்ட ஒரு நாளுக்கு 1,200 ரூபா.

இரட்டைச் சம்பளம் என்றதும் 2,400 கையில் வரும் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் மாதச் சம்பளக்காரர். மே மாதம் வாங்கிய 36,000க்குள் அந்த விடுமுறை நாட்களின் சாதாரணச் சம்பளம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் மே 1க்கு மேலதிகமாக 1,200, மே 13க்கு 1,200 வரும். போயாவுக்கு ஒன்றரையில் ஒன்று கைக்கு வந்துவிட்டது, மிச்சம் அரைநாள் 600. மூன்று நாளுக்கும் 3,000 ரூபா. நாட்கூலிக்கு வேலை செய்து, மே 1 அன்று ஒரு நாள் கூலி மட்டும் வாங்கியவருக்கும் இதே மாதிரி இன்னொரு நாள் கூலி நிற்கும். எதுவுமே வாங்காதவருக்கு இரண்டு நாள் கூலி.

ஞாயிறுக்கு அளவுகோல் வேறு. கடை ஊழியருக்கு வாரத்தில் ஒரு முழு நாளும் ஒரு அரை நாளும் ஓய்வு கொடுக்க வேண்டும். அந்த வாரத்தில் மேலதிக வேலையை விட்டுவிட்டு 28 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேலை செய்திருந்தால், அந்த ஒன்றரை நாளும் சம்பளத்துடன் வரும். முழு நாள் ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. பரந்தனிலோ புளியங்குளத்திலோ ஞாயிறு சந்தைக் கூட்டத்துக்காகக் கடை திறந்து புதன் பூட்டுகிறவர், ஆட்களைப் புதன் நிற்கவிட்டால் சரி. அப்படியானால் ஞாயிறு அவர்களுக்குச் சாதாரண வேலை நாள், மேலதிகக் காசு கேட்க முடியாது.

உங்கள் விசயத்தில் அப்படி மாற்றி எதுவும் தரப்படவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை எட்டு எட்டாக நாற்பது, சனி ஐந்து என்று வைத்தால் அந்த வாரத்துக்கு 45 மணித்தியாலம் சனியோடு நிரம்பிவிட்டது. சட்டம் சாதாரண வேலைக்கு விடும் எல்லையும் அதே 45தான். சாப்பாட்டு நேரம் இதில் சேராது. எனவே ஞாயிறு செய்த நாலு மணித்தியாலமும் மேலதிக வேலை, ஒன்றரை மடங்கு. மணித்தியாலத்துக்கு 225 ரூபாவாக 900 வருகிறது. 3,000ஓடு கூட்டினால் நான் முதலில் சொன்ன 3,900. உங்கள் சனிக்கிழமை ஐந்து மணித்தியாலத்துக்குக் குறைவு என்றால், குறையும் நேரத்தை இந்த நாலில் கழித்துவிட்டுப் பாருங்கள். அந்த 900 கிடைத்தாலும் இழந்த ஓய்வு ஈடாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வாரத்துக்கு ஒன்றரை நாள் ஓய்வு என்பது தனியே நிற்கிற கடமை. லொறி வருகிற ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டு மேலதிகக் காசு கொடுத்துக்கொண்டிருந்தாலும் அது மீறல்தான்.

உங்கள் வீட்டில் யாராவது ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறார் என்றால் இந்த ஞாயிற்றுக் கணக்கை அவருக்குக் காட்ட வேண்டாம். அவர் சம்பளச் சபையின் கீழ் வருபவர். அங்கே ஓய்வு நாளில் வேலை செய்தால் அன்றைக்கு ஒன்றரை மடங்குச் சம்பளமும், அடுத்த ஆறு நாளுக்குள் ஒரு பதில் ஓய்வு நாளும், இரண்டும் சேர்த்து வரவேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஆகக் கூடுதலாகச் சண்டை வருவது இதில்தான். தீபாவளியும் மகா சிவராத்திரியும் பெரிய வெள்ளியும் நாட்காட்டியில் விடுமுறை என்று நிற்கும். அவை அரச, வங்கி விடுமுறைகள், வர்த்தக விடுமுறைகள் அல்ல. மேலே சொன்ன எட்டிலும் இல்லை. தீபாவளி அன்று கடைக்கு வரச் சொன்னால் இரட்டைச் சம்பளம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. எனக்கு இது மனவருத்தமான விசயம், ஆனால் இல்லாத உரிமையை இருக்கிறதென்று நம்பி முதலாளியோடு முட்டினால், இருக்கிற உரிமையையும் அவர் நம்ப மாட்டார்.

இங்கேதான் பதில் லீவுக்கு ஒரு பெறுமதி வருகிறது. மே தினத்தில் வேலை செய்ததற்குக் காசு வாங்குவதைவிட, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கோ ஆவணியில் மடுத் திருவிழாவுக்கோ தீபாவளிக்கோ அந்த நாளை எடுத்தால் சிலருக்கு அது பெரிய காரியம். அப்படி விருப்பமென்றால் எந்தத் தேதி என்பதை வேலை செய்யும் நாளுக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் "மே 1 வேலைக்குப் பதிலாக இன்ன தேதி லீவு" என்று நீங்கள் அனுப்பி அவர் "ஓம்" என்று போட்டாலே போதும். பிறகு லீவுப் புத்தகத்தில் அது எப்படிப் பதியப்படுகிறது என்று பாருங்கள். இரண்டாம் வருடத்திலிருந்து உங்களுக்கு வருட லீவு 14 நாள் இருக்கிறது. பதில் லீவை அந்தப் பதினாலில் ஒன்றாக எழுதிவிட்டால், உங்களுடைய லீவையே உங்களுக்குத் திருப்பித் தந்ததாகிவிடும். இது அடிக்கடி நடக்கிறது, வருடக் கடைசியில் லீவு எண்ணும்போதுதான் தெரியவரும்.

இப்போது 3,900ஐ எப்படிக் கேட்பது? நீங்கள் பில் போடுகிறவர் என்பது உங்களுக்கு நல்ல வாய்ப்பு. மே 1, 12, 13ஆம் தேதிப் பில்களில் நாளும் நேரமும் இருக்கும், பில் போட்டவரின் பெயரோ சுருக்க எழுத்தோ இருக்கும். வரவுப் புத்தகத்தில் அந்த நாட்களில் "விடுமுறை" என்று எழுதியிருந்தாலும் பில் உண்மையைச் சொல்லும். ஞாயிறு வேலைக்கு லொறியில் சீமெந்து இறக்கிய பற்றுச்சீட்டில் உங்கள் கையெழுத்து இருந்தால் அதுவே சாட்சி. இவற்றின் படங்களைப் போனில் எடுத்து வையுங்கள். கடையின் கணக்குத் தாள்களை வெளியே கொண்டுபோக வேண்டாம், அது உங்கள் மேல் வேறு குற்றச்சாட்டாகத் திரும்பும்.

பிறகு ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள். தேதி, அது என்ன நாள், வேலை செய்த நேரம், வரவேண்டிய தொகை. அதை முதலாளியிடம் நேரே கொடுத்து, ஒரு பிரதியை நீங்கள் வைத்திருங்கள். நான் பார்த்தவரை பாதிப் பேர் இந்தத் தாளைக் கண்டதும் அடுத்த சம்பளத்தோடு தந்துவிடுவார்கள். "போனஸ் என்று போட்டுத் தருகிறேன்" என்றால் சம்மதிக்காதீர்கள், சம்பளச் சீட்டில் விடுமுறை நாள் கொடுப்பனவு, மேலதிக நேரம் என்று தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். போனஸ் என்று எழுதினால் நாளைக்கு வழக்கமான போனஸில் அதைக் கழிக்க இடமுண்டு.

தராவிட்டால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். தமிழில் எழுதலாம், சட்டத்தரணி தேவையில்லை. அதே நாலு வரித் தாளை இணைத்து, நியமனக் கடிதம் இருந்தால் அதன் பிரதியையும் வையுங்கள். கடையில் இன்னும் வேலை செய்துகொண்டே முறையிடுவதால், உங்கள் பெயரை வெளியிடாமல் கடையைப் பரிசோதிக்க முடியுமா என்று தொழில் உத்தியோகத்தரிடம் கேளுங்கள். மே மாதம் அந்தக் கடையில் நீங்கள் ஒருவர் மட்டும் வேலை செய்திருக்க மாட்டீர்கள். வரவுப் புத்தகத்தையும் சம்பளப் பதிவையும் எடுத்துப் பார்த்தால் மற்றவர்களுடைய மே 12ம் அதில்தான் இருக்கும்.